கைபேசியில் படமெடுத்துப் போட்ட காசோலை ஏன் திரும்புகிறது?

அமெரிக்காவில் காசோலையை வங்கிக்குக் கொண்டுபோகாமலேயே கணக்கில் போட்டுவிடலாம். வங்கியின் செயலியைத் திறந்து, தொகையைக் குறிப்பிட்டு, காசோலையின் இரு பக்கங்களையும் கைபேசியால் படமெடுத்து அனுப்பினால் போதும். சம்பளம் நேரடியாகக் கணக்கில் ஏறிவிடும் இந்தக் காலத்திலும், முன்பணத்தைத் திருப்பித் தரும் வீட்டு உரிமையாளர், இழப்பீடு தரும் காப்பீட்டு நிறுவனம், கூடுதலாக வாங்கிய கட்டணத்தைத் திருப்பும் மருத்துவமனை ஆகியோர் அங்கே இன்னும் தாள் காசோலையை அனுப்புவதுண்டு. ஆகவே புதிதாகக் குடியேறும் தமிழர்களும் இந்த வசதியை விரைவிலேயே பயன்படுத்த வேண்டியிருக்கிறது. அனுப்பிய காசோலை ஏற்கப்படாதபோது அடிக்கடி சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று, படம் தெளிவாக இல்லை என்பது. மற்றொன்று, இந்தக் காசோலை ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது என்பது. இவை இரண்டும் தொடர்பற்றவை போலத் தோன்றினாலும், முதல் காரணத்தால் மறுக்கப்பட்டுவிட்டது என்று நினைத்து அவசரமாக எடுக்கும் அடுத்த படம்தான் பல நேரங்களில் இரண்டாவது காரணத்தை உண்டாக்குகிறது.

இது எப்படி நடக்கிறது என்று அறிய, பயணம் செய்வது தாளா, படமா என்பதிலிருந்து தொடங்க வேண்டும். முன்பெல்லாம் அமெரிக்க வங்கிகள் காசோலைத் தாள்களை மூட்டையாகக் கட்டி லாரிகளிலும் விமானங்களிலும் அனுப்பிக்கொண்டிருந்தன. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் விமானங்கள் சில நாள் தரையிறக்கப்பட்டபோது, அந்த மூட்டைகளும் அப்படியே நின்றுபோயின. தாளை நம்பியிருப்பதன் ஆபத்து எல்லோருக்கும் புரிந்தது. 2003இல் இயற்றப்பட்டு 2004 அக்டோபர் 28 முதல் நடைமுறைக்கு வந்த ‘செக் 21’ சட்டம், காசோலையின் படத்திலிருந்து உரிய முறையில் அச்சிட்ட மாற்றுக் காசோலைக்கு அசலுக்கு இணையான சட்ட மதிப்பைக் கொடுத்தது. அதன் பின் வங்கிகள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு படங்களையே பரிமாறத் தொடங்கின. வாடிக்கையாளரே தம் கைபேசியில் படமெடுத்து அனுப்பும் வசதி 2009 முதல் வந்தது.

இந்தியாவில் காசோலை போட்டுப் பழகியவர்கள் ஒரு வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். அங்கும் சி.டி.எஸ். முறையில் வங்கிகளுக்கிடையே படம்தான் செல்கிறது. ஆனால் படமெடுப்பது வங்கி, தாளும் வங்கியிடமே நின்றுவிடுகிறது. கைபேசி முறையில் பணம் கணக்கில் ஏறிய பிறகும் தாள் உங்கள் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பார்ப்பதற்கு அது இன்னும் செல்லுபடியாகும் காசோலைதான். அதை மீண்டும் படமெடுக்கலாம், வேறு வங்கியில் போடலாம், காசோலையைக் காசாக்கும் கடையில் கொடுத்துவிடவும் முடியும். வங்கிகள் இரட்டைச் சமர்ப்பிப்பைக் கண்டு இவ்வளவு அஞ்சுவதற்கு இதுவே காரணம்.

கண்ணுக்குத் தெளிவு, வங்கிக்கு மங்கல்

“படம் நன்றாகத்தானே இருக்கிறது, எல்லா எழுத்தையும் படிக்க முடிகிறதே” என்பது வழக்கமான புகார். கைபேசித் திரையில் பார்ப்பது வண்ணப் படம் என்பதை அந்தப் புகார் மறந்துவிடுகிறது. வங்கிகளுக்கிடையே செல்லும் படம் பொதுவாகக் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே கொண்டது. இடையில் சாம்பல் நிறம்கூடக் கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா வெள்ளையா என்று மென்பொருள் தீர்மானித்துவிடுகிறது. அப்படி மாற்றும்போது, வெளிர் நீல ஜெல் பேனாவால் எழுதிய தொகை வெள்ளையாகி மறைந்துபோகலாம். கைபேசியைப் பிடித்த கையின் நிழல் விழுந்த மூலை முழுவதும் கறுப்புத் திட்டாகலாம். காசோலையின் பின்னணியில் அழகுக்காக அச்சிட்டிருக்கும் மலைத்தொடரோ பூவேலையோ எழுத்துகளின் மேல் பொடிப்பொடியாகச் சிதறி நிற்கலாம். வண்ணத்தில் கண் எளிதாகக் கடந்துபோகும் சிறு குறைகள் இந்த மாற்றத்தில் பெரிதாகிவிடுகின்றன.

எல்லாவற்றிலும் நுட்பமான இடம், காசோலையின் அடிவரியில் விசித்திரமான வடிவில் அச்சிடப்பட்டிருக்கும் எண்வரிசை. அதில் வங்கியைக் குறிக்கும் ஒன்பது இலக்க ரூட்டிங் எண்ணும், காசோலை கொடுத்தவரின் கணக்கு எண்ணும், காசோலை எண்ணும் இருக்கும். காந்த மையால் அச்சிடப்படும் அந்த எழுத்துருவுக்கு E-13B என்று பெயர். வங்கிக் கிளையில் இருக்கும் கருவி அதன் காந்தத்தை உணர்ந்து படிக்க வல்லது. கையெழுத்தின் வால் நீண்டு அந்த வரியின் மேல் விழுந்திருந்தாலும், சாதாரண மையில் காந்தம் இல்லாததால், அதைப் பொருட்படுத்தாமல் படித்துவிடும். கைபேசிக்கு அந்த வசதி இல்லை. அதற்குக் கையெழுத்தின் வாலும் மை, எண்ணும் மைதான். கிளையில் சிக்கலின்றி ஏற்கப்படும் ஒரு காசோலை கைபேசியில் திரும்பத் திரும்ப மறுக்கப்படுவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

அளவைப் பார்த்தால் மங்கல் என்ன செய்யும் என்பது விளங்கும். E-13B எண் ஒவ்வொன்றும் 0.117 அங்குல உயரம் கொண்டது. அங்குலத்திற்கு 200 புள்ளிகள் கொண்ட படத்தில் அது ஏறத்தாழ 23 புள்ளி உயரம்தான். அதன் மெல்லிய கோடு 0.013 அங்குலம், அதாவது மூன்று புள்ளிகூட முழுதாக இல்லை. படமெடுக்கும் நொடியில் கை சற்று அசைந்து, கோட்டின் விளிம்பு இரண்டு மூன்று புள்ளி பரவினால், 8இன் வயிற்றில் இருக்கும் வெற்றிடம் அடைபட்டுவிடும். அல்லது ஒரு பக்கக் கோடு மறைந்து 8 என்பது 3 போலாகிவிடும்.

ரூட்டிங் எண்ணில் இப்படி நேர்ந்தால் கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்பது இலக்கங்களையும் முறையே 3, 7, 1, 3, 7, 1, 3, 7, 1 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால், விடை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். எடுத்துக்காட்டுக்கு 123456780 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால்:

```
3×(1+4+7) + 7×(2+5+8) + 1×(3+6+0) = 36 + 105 + 9 = 150
3×(1+4+7) + 7×(2+5+3) + 1×(3+6+0) = 36 +  70 + 9 = 115
```

முதல் வரியில் 150 வருவதால் எண் பொருந்துகிறது. இரண்டாவது வரியில் 8 மங்கி 3 என்று படிக்கப்பட்டிருக்கிறது. 115 என்பது பத்தால் வகுபடாததால் செயலி அந்த நொடியிலேயே படத்தை மறுத்துவிடும். ஆனால் கணக்கு எண்ணுக்கு எல்லா வங்கிகளுக்கும் பொதுவான இத்தகைய சோதனை இல்லை. அங்கே ஓர் இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டால் பணம் வேறொருவர் கணக்கிலிருந்து கேட்கப்படும் ஆபத்து உண்டு. ஆகவே ஐயம் இருந்தாலே படத்தை மறுத்துவிடும்படி வங்கிகள் தம் மென்பொருளை அமைத்திருப்பதில் வியப்பில்லை. பயனருக்கு அது வீண் பிடிவாதமாகத் தோன்றும்; என் கருத்தில் அந்தப் பிடிவாதம் நியாயமானது.

படத்தைச் சரியாக எடுப்பதில் பெரிய கலை ஒன்றும் இல்லை. காசோலையின் மடிப்பை நீவித் தட்டையாக்கி, அடர்ந்த நிறமுள்ள, வழவழப்பில்லாத பரப்பின் மேல் வைக்க வேண்டும். வெள்ளை மேசையில் வெள்ளைக் காசோலையின் ஓரம் எங்கே முடிகிறது என்று செயலிக்குத் தெரியாது. ஃப்ளாஷ் வேண்டாம், அதன் ஒளி தாளில் பட்டு ஓரிடத்தை வெளுக்கச் செய்துவிடும். பக்கவாட்டிலிருந்து வரும் சன்னல் வெளிச்சமே சிறந்தது, ஏனெனில் வெளிச்சம் குறையும்போது கேமரா நீண்ட நேரம் ஒளியை வாங்க வேண்டியிருப்பதால் கையின் சிறு நடுக்கமும் மங்கலாகப் பதிகிறது. லென்சைத் துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். சட்டைப்பையில் கிடந்த கைபேசியின் லென்சில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு, படம் முழுவதையும் பனி மூடியதுபோல் ஆக்கிவிடும்.

மறுத்தது யார் என்பதே முதல் கேள்வி

‘ஏற்கப்படவில்லை’ என்ற சொல் மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வரலாம், ஒவ்வோர் இடத்திலும் செய்ய வேண்டியது வேறு. முதலாவது, அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே செயலி படத்தை மறுப்பது. அப்போது காசோலை எங்கும் போகவில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி படமெடுக்கலாம். இரண்டாவது, நீங்கள் அனுப்பி, பெற்றுக்கொண்டதாகச் செய்தியும் வந்து, அதன் பின் உங்கள் வங்கியின் பரிசீலனையில் மறுக்கப்படுவது. நீங்கள் தட்டச்சு செய்த தொகைக்கும் காசோலையில் உள்ள தொகைக்கும் பொருத்தமில்லை என்றாலோ, பின்பக்கத்தில் கையெழுத்து இல்லை என்றாலோ, மென்பொருளால் முடிவெடுக்க முடியாமல் ஒரு பணியாளர் பார்த்தாலோ இது நேரும். வங்கி மறுப்பை எழுத்தில் தெரிவித்த பிறகே மறுபடி முயல வேண்டும். ‘பரிசீலனையில்’ என்று காட்டிக்கொண்டிருக்கும்வரை அந்தக் காசோலை போடப்பட்டதாகவே கொள்ள வேண்டும்.

மூன்றாவது, உங்கள் வங்கி ஏற்றுக்கொண்டு, படம் காசோலை கொடுத்தவரின் வங்கிக்குப் போய், அங்கிருந்து திரும்பி வருவது. திரும்பும் படத்தோடு காரணத்தைச் சொல்லும் ஓர் எழுத்துக் குறியும் வரும். U என்றால் படம் பயன்படுத்தத் தகுந்ததாக இல்லை, Y என்றால் இரட்டைச் சமர்ப்பிப்பு. உங்களுக்கு வரும் அறிவிப்பில் இவை Unusable Image, Duplicate Presentment என்று அச்சாகியிருக்கலாம். இந்த மூன்றாவது நிலையில் கைபேசியை மீண்டும் எடுக்கவே கூடாது. கணக்கில் ஏறிய தொகையை உங்கள் வங்கி கழித்துக்கொண்டிருக்கும். அடுத்த வழி என்ன என்று அந்த வங்கியிடமே கேட்க வேண்டும். படம் மங்கல் என்று திரும்பியிருந்தால் அசல் தாளைக் கிளைக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். பணம் கணக்கில் ஏறிய பின்னும் தாளைச் சில காலம் பத்திரமாக வைத்திருக்கும்படி வங்கிகள் சொல்வது இதற்காகத்தான். எத்தனை நாள் என்பது வங்கிக்கு வங்கி மாறும், செயலியின் விதிமுறையில் எழுதியிருக்கும்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டில் இதைப் பார்ப்போம். டாலஸ் நகரில் வசிக்கும் ஒருவருக்கு, பழைய வீட்டின் முன்பணமாக 1,185.40 டாலருக்கு 2047 என்ற எண்ணுள்ள காசோலை வருகிறது. அவருக்கு இரண்டு வங்கிகளில் கணக்கு இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு முதல் வங்கியின் செயலியில் படமெடுத்து அனுப்புகிறார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, இணைப்பு அறுந்து, செயலி மூடிக்கொள்கிறது. படம் போகவில்லை என்று எண்ணி, அதே காசோலையை இரண்டாவது வங்கியின் செயலியில் போடுகிறார். அது உடனே ஏற்றுக்கொள்கிறது. உண்மையில் முதல் வங்கிக்கும் படம் போய்ச் சேர்ந்திருந்தது. அறுந்தது, ‘பெற்றுக்கொண்டோம்’ என்ற பதில் திரும்பி வரும் வழிதான்.

இரண்டு வங்கிகளுக்கும் ஒன்றின் பதிவேடு மற்றொன்றுக்குத் தெரியாததால் அந்த இரவில் யாரும் எச்சரிக்கவில்லை. இரவில் வந்தவை என்பதால் இரண்டும் திங்கட்கிழமை வரவாகவே கொள்ளப்பட்டு, வீட்டு உரிமையாளரின் வங்கிக்குச் செல்கின்றன. முதலில் வந்ததற்கு அந்த வங்கி பணம் கொடுத்துவிடுகிறது. அடுத்து வந்ததில் அதே கணக்கு, அதே காசோலை எண், அதே தொகை. ஆகவே Duplicate Presentment என்று திருப்பி அனுப்புகிறது. இதற்கிடையே இரண்டாவது கணக்கில் ஏற்கெனவே இருந்த 200 டாலரோடு 1,185.40 சேர்ந்ததைப் பார்த்துவிட்டு, அவர் 900 டாலர் வாடகை கட்டிவிட்டார். மீதி 485.40. திரும்பி வந்த காசோலைக்காக 1,185.40 கழிக்கப்பட்டதும் கணக்கு 700 டாலர் கடனில் நிற்கிறது. திரும்பிய காசோலைக்கென்று வங்கி தனிக் கட்டணம் வாங்குவதானால் அதுவும் சேரும்.

பதற்றத்தில் பலர் இந்த இடத்தில் செய்வது, வீட்டு உரிமையாளரை அழைத்து ‘உங்கள் காசோலை திரும்பிவிட்டது, புதிதாக ஒன்று கொடுங்கள்’ என்பது. அது தவறு. காசோலைக்குப் பணம் கொடுக்கப்பட்டுவிட்டது. அது முதல் வங்கிக் கணக்கில் இருக்கிறது. அங்கே பார்த்து, 700 டாலரை உடனே இரண்டாவது கணக்குக்கு மாற்றுவதுதான் அவர் செய்ய வேண்டியது. முதல் கணக்கில் பணம் தென்படாவிட்டால்தான் வீட்டு உரிமையாளரிடம் போக வேண்டும். அப்போதும் புதுக் காசோலை கேட்பதற்குப் பதில், பணம் பட்டுவாடா ஆன காசோலையின் இரு பக்கப் படங்களையும் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துத் தரும்படி கேட்பது நல்லது. எந்த வங்கி அதைப் பெற்றது, எந்தத் தேதியில் என்ற விவரம் பின்பக்கத்திலோ அந்தப் பதிவோடோ இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் பணம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

இணைப்பு அறுந்த அந்த வெள்ளிக்கிழமை இரவில் அவர் செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: முதல் வங்கியின் செயலியை மறுபடி திறந்து, காசோலை வரவுகளின் பட்டியலையும் மின்னஞ்சலையும் பார்த்திருக்க வேண்டும். ஐயம் தீரவில்லை என்றால் திங்கட்கிழமைவரை பொறுத்து, தொலைபேசியில் கேட்டிருக்கலாம். அதே செயலியில் மறுபடி அனுப்பியிருந்தால்கூடப் பெரிய சேதம் இல்லை. ஒரே வங்கிக்குள் இரண்டாவது படம் வரும்போது அது பழைய பதிவோடு ஒப்பிடப்பட்டு, பெரும்பாலும் வாசலிலேயே தடுக்கப்பட்டுவிடும். வங்கி மாறும்போதுதான் அந்தத் தடுப்பு இல்லாமல் போகிறது.

பின்பக்கத்தில் எழுதச் சொல்லும் அந்த ஒரு வரி

கையெழுத்துக்குக் கீழே For Mobile Deposit Only என்று, பல வங்கிகளில் வங்கியின் பெயரோடு சேர்த்து, எழுதச் சொல்வது வெறும் சடங்கு போலத் தோன்றும். அதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஃபெடரல் ரிசர்வ் விதியின்படி, ஒரு காசோலையின் படத்தைக் கைபேசி வழியாக ஒரு வங்கி ஏற்று, அதற்குப் பணமும் கிடைத்துவிட்ட பின், அதே காசோலையின் அசல் தாளை வேறொரு வங்கி வாங்கி நட்டப்பட்டால், படத்தை ஏற்ற வங்கி அந்த நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும். ஆனால் அசல் தாளின் பின்பக்கத்தில், அது போடப்பட்ட வழிக்கு முரணான கட்டுப்பாடு எழுதப்பட்டிருந்தால், தாளை வாங்கிய வங்கி அந்த ஈட்டைக் கேட்க முடியாது. ‘கைபேசி வழியாக மட்டும்’ என்று எழுதியிருந்தும் ஏன் தாளாக வாங்கினாய் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. ஆகவே அந்த வரி உங்கள் வங்கிக்குக் கவசம். அது இல்லாத படத்தை வங்கி மறுப்பதும் அதனால்தான்.

இதில் ஒரு சிறு தொல்லை உண்டு. அந்த வரியை எழுதிய பின் செயலி படத்தைத் தொடர்ந்து மறுத்து, வேறு வழியின்றி தாளோடு கிளைக்குப் போனால், பணியாளர் அந்த வரியைப் பார்த்துத் தயங்குவார். நிலைமையை விளக்கினால் தம் பதிவேட்டில் பார்த்துவிட்டு, வரியை அடித்துக் கையெழுத்திடச் சொல்லி வாங்கிக்கொள்ளும் கிளைகளும் உண்டு, வாங்க மறுப்பவையும் உண்டு. செயலி மறுத்த செய்தி தெரியும் திரையைப் படமெடுத்து வைத்திருந்தால் பேச்சு எளிதாக முடியும்.

உண்மையில் இரட்டையல்லாதவை

இரண்டாவது முறை போடாமலேயே இரட்டை என்று மறுக்கப்படுவதும் நடக்கிறது. கொடுத்தவரின் கணக்கில் பணமில்லாமல் திரும்பிய காசோலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் ‘இப்போது பணம் போட்டுவிட்டேன், மறுபடி போடுங்கள்’ என்கிறார். நீங்கள் படமெடுத்தால், செயலியின் பதிவேட்டில் அதே எண்ணும் தொகையும் இருப்பதால் அது தடுத்துவிடுகிறது. முதல் முறை பணம் கிடைக்கவில்லை என்பது அந்த ஒப்பீட்டுக்குத் தெரிவதில்லை. மேலும், திரும்பிய காசோலைக்கு மாற்றாக வங்கி அச்சிட்டுத் தரும் தாளில், அது காசோலையின் சட்டப்படியான நகல் என்றும் அசலைப் போலவே பயன்படுத்தலாம் என்றும் எழுதியிருக்கும். அத்தகைய தாள் கையில் இருந்தால் அதையே கிளைக்குக் கொண்டுபோக வேண்டும்; பழைய அசலைப் படமெடுத்துப் பயனில்லை.

மற்றொன்று மாத வாடகை போல ஒரே தொகைக்கு ஒருவரே தொடர்ந்து கொடுக்கும் காசோலைகள். மார்ச் மாதத்துக் காசோலைக்கும் ஏப்ரல் மாதத்துக் காசோலைக்கும் அடிவரியில் காசோலை எண் ஒன்றுதான் வேறுபாடு. வங்கி, கணக்கு, தொகை எல்லாம் ஒன்றே. படம் மங்கி 2048 என்பது 2043 ஆகப் படிக்கப்பட்டு, 2043 ஏற்கெனவே போட்ட காசோலையாக இருந்தால், புத்தம் புதிய காசோலையும் இரட்டையாகிவிடும். இப்படிப்பட்ட மறுப்பு வரும்போது, காசோலை எண் என்னவென்று தங்கள் பதிவேட்டில் இருக்கிறது என்று வங்கியிடம் கேளுங்கள். கையிலிருக்கும் தாளின் எண் அதோடு பொருந்தாவிட்டால், அசலோடு கிளைக்குப் போய் அன்றே போட்டுவிடலாம்.